கிழமைக்கொரு வேலை: மிச்சமாவது எது, காத்திருப்பது யார்

திங்கள் முழுக்க அலுவலக நிர்வாகம், செவ்வாய் முழுக்க தொலைபேசியும் சந்திப்பும், புதன் யாரும் தொந்தரவு செய்யாத ஆழ்ந்த வேலை. இப்படி வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேலையை ஒதுக்கிவிடும் முறைக்கு இன்று உலகெங்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் காட்டும் முன்னுதாரணம் ஜாக் டோர்ஸி. 2011-இல் அவர் ட்விட்டர், ஸ்கொயர் ஆகிய இரு நிறுவனங்களையும் ஒரே நேரத்தில் கவனித்துவந்தார். அது எப்படி முடிகிறது என்று கேட்டபோது, தம் வாரத்தைக் கிழமைவாரியாகப் பிரித்துக்கொண்டதைச் சொன்னார். திங்களன்று நிர்வாகம், செவ்வாயன்று பொருள் உருவாக்கம், புதனன்று விளம்பரமும் வளர்ச்சியும், வியாழனன்று மென்பொருள் உருவாக்குநர்களும் கூட்டாளி நிறுவனங்களும், வெள்ளியன்று நிறுவனப் பண்பாடும் ஆள் சேர்ப்பும். சனிக்கிழமை ஓய்வு; ஞாயிற்றுக்கிழமை அடுத்த வாரத்தைப் பற்றிய யோசனை.

இந்த முறை எதனால் பலன் தருகிறது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: நாள்தோறும் எடுக்கும் முடிவுகள் குறைகின்றன, அதனால் மூளை களைத்துப்போவதில்லை. இருக்கும் காரணங்களிலேயே இதுதான் மிக வலுவற்றது என்பது என் கருத்து. வேறு இரண்டு காரணங்கள் இதைவிட உறுதியானவை. இந்த முறைக்கு ஒரு விலையும் உண்டு. அதைப் பெரும்பாலும் நாம் கொடுப்பதில்லை, நமக்காகக் காத்திருப்பவர்கள் கொடுக்கிறார்கள். எந்த வேலைக்குக் கிழமை ஒதுக்கலாம், எதற்கு ஒதுக்கக் கூடாது என்பதை அந்த விலைதான் தீர்மானிக்கிறது.

டோர்ஸிக்கு வெகுகாலம் முன்பே பெரிய நிறுவனங்கள் இப்படித்தான் நடந்துவந்தன. இந்திய உச்ச நீதிமன்றத்தில் நெடுங்கால வழக்கமாக, புதிதாக வரும் மனுக்களை விசாரணைக்கு ஏற்பதா இல்லையா என்று பார்ப்பதற்குத் திங்களும் வெள்ளியும் ஒதுக்கப்பட்டன. முழு விசாரணை செவ்வாய், புதன், வியாழனில் நடந்தது. இரண்டும் நீதிபதியின் வேலைதான், ஆனால் அவற்றின் தன்மை வேறு. முதல் வகையில் ஏராளமான கோப்புகளை முன்கூட்டியே படித்துவிட்டு வந்து, ஒவ்வொன்றையும் சில நிமிடங்களில் தீர்க்க வேண்டும். இரண்டாவது வகையில் ஒரே வழக்கின் வாதத்தை மணிக்கணக்கில் தொடர வேண்டும். தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஓ.பி. நாள் வேறு, அட்மிஷன் நாள் வேறு, ஆபரேஷன் நாள் வேறு. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை என்றால் மக்கள் குறைதீர்க்கும் நாள்.

இவற்றில் கவனிக்க வேண்டியது, எல்லாவற்றிலும் ஒரு அவசர வாசல் திறந்தே இருக்கிறது என்பதுதான். உச்ச நீதிமன்றத்தில் காத்திருக்க முடியாத வழக்கை உடனே பட்டியலிடுமாறு வழக்கறிஞர் கேட்கலாம். மருத்துவமனையில் எந்த யூனிட்டுக்கு எந்த நாளாக இருந்தாலும் கேஷுவாலிட்டி மூடுவதில்லை. யூனிட்டுகள் முறைவைத்து அதைக் கவனிக்கின்றன. தனிமனிதர்கள் கிழமை முறையை எடுத்துக்கொள்ளும்போது கிழமைகளை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த வாசலை விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது வாரத்திலேயே முறை குலைவதற்கு இதுதான் முதல் காரணம்.

இனி காரணங்களுக்கு வருவோம். மனவுறுதி என்பது செலவழியச் செலவழியக் குறையும் கையிருப்பு என்ற கருத்தை ராய் பாமைஸ்டரும் அவரது குழுவினரும் 1998-இல் சோதனை மூலம் முன்வைத்தார்கள். தேர்வு செய்வதுகூட அந்தக் கையிருப்பைக் குறைக்கும் என்ற ஆய்வுகள் பின்னர் வந்தன. 2011-இல் இஸ்ரேலில் பரோல் மனுக்களைக் கேட்ட நீதிபதிகளைப் பற்றிய ஆய்வு இந்தக் கருத்தை உலகமறியச் செய்தது. அமர்வின் தொடக்கத்தில் 65 சதவீத அளவில் இருந்த சாதகமான தீர்ப்புகள், அமர்வு முடியும் நேரத்தில் ஏறத்தாழ பூஜ்யத்துக்கு இறங்கின. சாப்பாட்டு இடைவேளைக்குப் பின் மறுபடி ஏறின. பரக் ஒபாமா சாம்பல் நிறம் அல்லது நீல நிற உடைகளை மட்டுமே அணிவதாகவும், என்ன உடுத்துவது என்ற முடிவுக்கு மூளையைச் செலவிட விரும்பவில்லை என்றும் 2012-இல் சொன்னது இதற்கு மேலும் பலம் சேர்த்தது.

பின்னால் வந்த ஆய்வுகள் இந்த அடித்தளத்தை ஆட்டிவிட்டன. 2016-இல் 23 ஆய்வகங்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து ஒரே முறையில் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தன. விளைவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. இஸ்ரேல் ஆய்விலும், வழக்குகள் குலுக்கல் முறையில் வரிசைப்படுத்தப்படவில்லை, வழக்கறிஞர் இல்லாத கைதிகளின் மனுக்கள் அமர்வின் கடைசியில் வந்தன என்று மறுப்பு எழுந்தது. அந்த மனுக்கள் எந்த நேரத்தில் வந்தாலும் தோற்கும் வாய்ப்பு அதிகம். ஆகவே, முடிவுகளைக் குறைத்தால் மூளையில் ஏதோ மிச்சமாகும் என்று நம்பி வாரத்தையே மாற்றி அமைப்பது சரியாகாது.

உறுதியான முதல் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. சோஃபி லெராய் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குப் போனவர்களின் கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்றும், அதனால் புதிய வேலையைச் சரியாகச் செய்ய முடிவதில்லை என்றும் காட்டினார். அதற்கு அவர் வைத்த பெயர் கவன எச்சம். ஒரே நாளில் ஒரே வகை வேலை என்றால் இந்த எச்சம் குறையும் என்பதுதான் கிழமை முறைக்கான நல்ல வாதம். 2018-இல் அவரும் தெரசா க்ளோமும் செய்த ஆய்வு எளிய மருந்து ஒன்றையும் சொன்னது. வேலையை விட்டு எழும்போது, எங்கே நின்றோம், திரும்பி வந்ததும் முதலில் செய்ய வேண்டியது என்ன என்று இரண்டு வரி எழுதி வைத்துவிட்டால் எச்சம் வெகுவாகக் குறைகிறது. அரை நிமிடத்தில் முடியும் காரியம் இது. ஒரு முழு நாளை ஒதுக்குவதால் கிடைக்கும் பலனில் கணிசமான பங்கை இந்த இரண்டு வரியே தந்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டாவது காரணம், முன்கூட்டியே தீர்மானிப்பது. “இன்ன நேரம் வந்தால் இன்ன செயலைச் செய்வேன்” என்று முன்னதாக முடிவு செய்துகொண்டவர்கள், வெறும் நோக்கம் மட்டும் வைத்திருந்தவர்களைவிட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்று பீட்டர் கோல்விட்சர் காட்டினார். 2006-இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இந்த விளைவு உறுதியாகத் தெரிந்தது. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பலன் செயல் எவ்வளவு குறிப்பாகச் சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்தது. “செவ்வாய் ஆழ்ந்த வேலை” என்பது வேலையின் வகையைத்தான் சொல்கிறது. எந்தக் கோப்பு என்று சொல்லவில்லை. திங்கள் மாலையே கோப்பை எடுத்து மேசையில் வைக்காதவர், செவ்வாய் காலை எதில் தொடங்குவது என்ற யோசனையில் அரை மணி நேரத்தை இழப்பார். கிழமைக்குப் பெயர் வைத்த பிறகும் காலையில் இந்தத் தடுமாற்றம் தொடர்ந்தால், முறை பாதியில் நிற்கிறது என்று பொருள்.

நாளுக்கு வைக்கும் பெயரிலும் ஒரு பிழை பரவலாக இருக்கிறது. “அழைப்பு நாள்” என்று ஒன்றை வைத்து, பத்து வாடிக்கையாளர்களுடன் பத்து வேறு விஷயங்களைப் பேசினால், கையில் இருக்கும் கருவிதான் மாறவில்லை. மனம் பத்து முறை இடம் மாறுகிறது. லெராய் சொல்லும் எச்சம் கருவியால் வருவதில்லை, முடியாமல் நிற்கும் விஷயத்தால் வருகிறது. பேசியவுடன் முடிந்துவிடும் சின்னச் சின்ன அழைப்புகளை ஒரு நாளில் சேர்ப்பதால் கெடுதல் இல்லை. பேசிய பின் யோசிக்கவும் எழுதவும் வேண்டிய அழைப்பாக இருந்தால், அதை அந்த வாடிக்கையாளரின் மற்ற வேலைகளோடு சேர்த்து வைப்பதே மேல். டோர்ஸியின் பட்டியலிலும் கருவியின் பெயரில் ஒரு நாள்கூட இல்லை. எல்லாமே விஷயத்தின் பெயர்கள்.

இப்போது விலை. ஒரு வேலைக்கு வாரத்தில் ஒரே நாள் என்றால், வாரத்தின் எந்த நேரத்திலும் வரக்கூடிய கோரிக்கை சராசரியாக மூன்றரை நாள் காத்திருக்கும். அதிகபட்சம் ஏழு நாள். அந்த ஒரு நாள் விடுமுறையாகிவிட்டால் இடைவெளி 14 நாள் ஆகிறது. அந்த இடைவெளியில் வந்தவர்களின் சராசரிக் காத்திருப்பு ஏழு நாள். அதே ஒரு நாள் வேலையைத் திங்கள் பாதி, வியாழன் பாதி என்று பிரித்தால் இடைவெளிகள் மூன்று நாளும் நான்கு நாளும் ஆகின்றன. சராசரிக் காத்திருப்பு இரண்டு நாளுக்கும் குறைகிறது. வேலை நேரம் கூடவில்லை. கூடுதலாக வந்தது வாரத்துக்கு ஒரே ஒரு மாற்றம். காத்திருப்பு மட்டும் பாதியாகிறது. அதனால்தான் முழு நாளைவிட அரை நாளை ஒதுக்குவது பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும் என்கிறேன்.

ஆழ்ந்த வேலைக்கு அரை நாளே போதும் என்பதற்குத் தனிக் காரணமும் உண்டு. ஆண்டர்ஸ் எரிக்சன் குழுவினர் 1993-இல் பெர்லின் வயலின் மாணவர்களை ஆராய்ந்தபோது, மிகச் சிறந்தவர்களும் முழுக் கவனத்தோடு தனியாகப் பயிற்சி செய்தது ஒரு நாளைக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் போகவில்லை. ஒரு முழு நாளை ஆழ்ந்த வேலைக்கென்று ஒதுக்குபவர், மதியத்துக்கு மேல் சோர்வில் செய்யும் வேலையையும் அந்தக் கணக்கிலேயே எழுதிக்கொள்கிறார். எழுத்து வேலைக்கு வாரம் ஒரு நாள் என்பது இன்னும் மோசம். பேராசிரியர்களின் எழுத்துப் பழக்கத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ராபர்ட் பாய்ஸ், என்றைக்காவது நீண்ட நேரம் உட்கார்ந்து எழுதுபவர்களைவிட நாள்தோறும் சிறிது நேரம் எழுதுபவர்களே அதிகம் எழுதி முடிக்கிறார்கள் என்று கண்டார். ஆறு நாள் கழித்து வரும்போது, எங்கே விட்டோம், எதை மனதில் வைத்து எழுதினோம் என்று பிடிப்பதற்கே பாதி காலை போய்விடும்.

இதையெல்லாம் வைத்து ஓர் அலுவலகத்தின் வாரத்தைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சிறிய ஊரில் வரி ஆலோசகர் ஒருவர். ஊர்க்காரர்கள் “ஆடிட்டர் ஆபீஸ்” என்றே சொல்வார்கள். இரண்டு உதவியாளர்கள், அறுபது வாடிக்கையாளர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை, கிழமைகளுக்குப் பெயர் வைப்பது அல்ல. இரண்டு வாரம் ஒரு நோட்டில் வரும் வேலைகளை எல்லாம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே “இது எவ்வளவு நாள் காத்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை” என்று ஒரே ஒரு பதிலைக் குறிக்க வேண்டும்.

அப்படி எழுதினால் பட்டியல் தானாகப் பிரிந்துவிடும். சரக்கு லாரியை அதிகாரிகள் நிறுத்திவிட்டார்கள், இ-வே பில்லில் வண்டி எண் தவறு என்று வரும் அழைப்பு ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காது. வங்கிக் கடனுக்கான சான்று இரண்டு மூன்று நாள் தாங்கும். ஜி.எஸ்.டி. துறை கணக்கில் உள்ள முரண்பாட்டுக்கு விளக்கம் கேட்டு அனுப்பும் நோட்டீஸுக்குப் பொதுவாக 30 நாள் வரை அவகாசம் இருக்கும். ஆனால் பதில் எழுதப் பல மணி நேரம் இடையறாத கவனம் வேண்டும். அலுவலகத்தின் சொந்த வேலைகளான கட்டண பில், சம்பளம், வாடிக்கையாளர்களின் டிஜிட்டல் கையொப்பம் எப்போது காலாவதியாகிறது என்று பார்ப்பது போன்றவை ஒரு வாரம் தாங்கும்.

லாரி அழைப்புக்குக் கிழமை கிடையாது. அதற்கு ஒரு ஆள் வேண்டும்: இரண்டு உதவியாளர்களில் ஒருவர், வாரத்துக்கு ஒருவராக முறைவைத்து, எல்லா அழைப்புகளையும் எடுக்கிறார்; இ-வே பில் தகராறு போன்ற மூன்று நான்கு காரணங்களுக்காக மட்டுமே ஆலோசகரின் அறைக் கதவைத் தட்டலாம் என்று அந்தக் காரணங்களை எழுதியே கொடுத்துவிட வேண்டும். நோட்டீஸ் பதிலுக்குச் செவ்வாயும் வியாழனும் காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை. நேரில் சந்திக்க வருபவர்களுக்குத் திங்கள் முழுவதும், வியாழன் மதியமும். திங்களைத் தேர்ந்ததற்குக் காரணம், கடைக்காரர்கள் வார இறுதியில் சேர்ந்த சந்தேகங்களை எல்லாம் அன்றுதான் கொண்டுவருவார்கள். எப்படியும் வரப்போகிற கூட்டத்தை எதிர்த்து நிற்பதில் பயனில்லை. ஒவ்வொரு சந்திப்புக்கும் அரை மணி நேரம் என்றால், அடுத்தவரை அழைப்பதற்கு முன் கால் மணி நேரம் விட்டு, போனவரின் கோப்பில் அடுத்து செய்ய வேண்டியதை எழுதி மூட வேண்டும். சொந்த அலுவலக வேலை வெள்ளி மதியம். அந்த வாரம் முடித்த வேலைகள் நினைவில் இருக்கும்போதே பில் எழுதினால் விடுபடாது, திங்களன்று வாடிக்கையாளர் வரும்போது பில்லும் தயாராக இருக்கும்.

நாட்களின் வரிசை இப்படித்தான் அமைய வேண்டும்: ஒரு நாளின் வேலை அடுத்த நாளுக்குத் தேவையானதைத் தயார் செய்துவைக்க வேண்டும். முன்பு அமெரிக்கக் குடும்பங்களில் திங்களன்று துணி துவைப்பதும் செவ்வாயன்று இஸ்திரி போடுவதும் வழக்கமாக இருந்தது. துவைத்துக் காய்ந்த பிறகுதானே இஸ்திரி.

இந்த அலுவலகத்தின் உண்மையான சிக்கல் புதன்கிழமையில் தெரியும். புதனைக் கணக்குகளை ஒப்பிடும் நாளாக வைக்கலாம் என்று தோன்றும். ஆனால் இந்தத் தொழில் கிழமையைப் பார்த்து நடப்பதில்லை, தேதியைப் பார்த்து நடக்கிறது. பிடித்தம் செய்த வருமான வரியை 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு விற்பனை விவரப் படிவமான ஜி.எஸ்.டி.ஆர்-1 11-ஆம் தேதிக்குள். வாங்கிய சரக்கின் விவரத்தைக் காட்டும் 2பி அறிக்கை 14-ஆம் தேதி வரும். அதை வைத்து ஒப்பிட்டு, 20-ஆம் தேதிக்குள் 3பி தாக்கல் செய்ய வேண்டும். 14-க்கும் 20-க்கும் நடுவில் ஒரே ஒரு புதன்தான் வரும். 14-ஆம் தேதியே புதனாக விழுந்தால் அந்த ஒன்றும் அறிக்கை வரும் நாளிலேயே போய்விடும். கிழமை முறையைப் பிடிவாதமாக வைத்திருந்தால் இங்கே அது முறியும். ஆகவே இந்த அலுவலகத்துக்கு நான் பரிந்துரைப்பது, மாதத்தை இரண்டாகப் பார்ப்பது. 21-இலிருந்து 5 வரை கிழமை முறை முழுமையாக நடக்கட்டும். 6-இலிருந்து 20 வரை செவ்வாய் காலை நோட்டீஸ் பதிலும் திங்கள் சந்திப்பும் மட்டும் தொடரட்டும். மற்றதைத் தேதி பார்த்துக்கொள்ளும்.

இந்த முறை தோற்றுக்கொண்டிருக்கிறது என்பதை இரண்டு அடையாளங்களால் அறியலாம். நோட்டில், ஒதுக்கிய நேரம் எத்தனை முறை உடைந்தது, எதனால் உடைந்தது என்று ஒரு கோடு போட்டு வந்தால் போதும். ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தால், அந்த வேலை காத்திருக்கக் கூடியது என்று நாம் தவறாக எண்ணியிருக்கிறோம். அதை அவசர வாசலுக்கு மாற்ற வேண்டும். இரண்டாவது அடையாளம், வாடிக்கையாளர்கள் முறையைச் சுற்றிப் போவது. மாலை ஏழு மணிக்கு ஆலோசகரின் சொந்தக் கைபேசிக்கும் வாட்ஸ்அப்புக்கும் செய்திகள் பெருகினால், காத்திருப்பு அவர்களுக்குத் தாங்கவில்லை. வேலை அப்போதும் சிதறத்தான் செய்கிறது, சிதறும் இடம் மட்டும் வீடாக மாறியிருக்கிறது.

அலுவலகத்தின் தலைவரால் இதையெல்லாம் திருத்த முடியும். அவருக்குக் கீழே இருப்பவரால் முடியுமா என்பதற்கு லெஸ்லி பெர்லோவின் 1999-ஆம் ஆண்டு ஆய்வு நேரான பதில் தருகிறது. ஒரு பெரிய நிறுவனத்தின் மென்பொருள் பொறியாளர்கள், ஒருவரையொருவர் ஓயாமல் குறுக்கிட்டதால் பகலில் வேலை முடியாமல் இரவிலும் வார இறுதியிலும் உழைத்தார்கள். வாரத்தில் மூன்று நாள், நண்பகல் வரை யாரும் யாரையும் கேள்வி கேட்கக் கூடாது என்று பெர்லோ ஓர் ஏற்பாட்டைச் செய்தார். பலருக்கு வேலை கூடியது. ஆனால் ஆய்வு முடிந்ததும் பழைய நிலை திரும்பிவிட்டது. ஏனென்றால் நெருக்கடியில் ஓடிவந்து உதவுபவரைத்தான் மேலதிகாரிகள் அப்போதும் பாராட்டினார்கள். எல்லோரும் சேர்ந்து ஏற்றுக்கொள்ளாத, மேலிருப்பவர் காக்காத அமைதி நேரம் தனிமனிதரின் மன உறுதியால் மட்டும் நிற்பதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர் முழு நாளைக் கேட்டுப் போராடுவதைவிட, தினமும் வேலை தொடங்கும் முதல் ஒன்றரை மணி நேரத்தைக் கேட்டு வாங்குவதே நடக்கக் கூடியது.

கடைசியாக, விடுமுறை. தமிழ்நாட்டில் இதன் கடுமையான சோதனை தை மாதம் பிறக்கும் வாரம்தான். 2026-ஐ எடுத்துக்கொண்டால் ஜனவரி 15 வியாழன், 16 வெள்ளி, 17 சனி மூன்றும் பொங்கல் விடுமுறை. 3பி-யின் வழக்கமான கடைசி நாளான 20 செவ்வாயில் விழுகிறது. 2பி வரும் 14 புதன். நடுவில் கிடைக்கும் ஒரே முழு வேலை நாள் 19, திங்கள். அதுவோ சந்திப்பு நாள். இங்கே சந்திப்பு விட்டுக்கொடுக்க வேண்டும். 20 வரை வியாழன் சந்திப்பும் கிடையாது என்பதால், 12-ஆம் தேதிக்குப் பின் அடுத்த சந்திப்பு 22-ஆம் தேதி வியாழன் மதியம்தான். இடைவெளி பத்து நாள், சராசரிக் காத்திருப்பு ஐந்து நாள். கிழமை முறை முழுமையாக நடக்கும் நாட்களில் சராசரியாக இரண்டு நாளுக்குள் கிடைக்கும் இடத்தில் இது அதிகம். அதனால் 21 புதனை முழுச் சந்திப்பு நாளாகத் திறந்து, அதை டிசம்பர் கடைசி வாரத்திலேயே எல்லா வாடிக்கையாளர்களுக்கும் செய்தியாக அனுப்பிவிட வேண்டும். 3பி-யின் கடைசி நாள் என்பதால் நோட்டீஸ் பதிலுக்கு 20-ஆம் தேதிச் செவ்வாயும் இல்லை, 15-ஆம் தேதி வியாழனும் இல்லை. ஆகவே 15-க்கும் 22-க்கும் இடையே கெடு முடியும் நோட்டீஸ் எதுவாக இருந்தாலும், அதன் பதில் 13-ஆம் தேதிச் செவ்வாய் மதியம் ஒரு மணிக்குள் பதிவேற்றப்பட்டிருக்க வேண்டும்.